கோபான் கொள்ளை

கேள்வி: 1859-இல் வெள்ளைக்கார வியாபாரிகள் ஜப்பான் தங்கத்தை மூன்றில் ஒரு பங்கு விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்களாமே? தங்கத்தின் மதிப்புகூடத் தெரியாத ஏமாளிகளா ஜப்பானியர்?

பதில்: ஏமாளிகள் அல்லர். கணக்கு தெரிந்துதான் நாணயம் அடித்தார்கள். கோபான் என்ற தங்கக் காசு ஒன்றுக்கு, இச்சிபு என்ற வெள்ளிக் காசு நான்கு. அந்த நான்கிலும் இருந்த வெள்ளி வெறும் 34 கிராம். இச்சிபுவின் மதிப்பு அதன் எடையில் இல்லை, மேலே அடித்த அரசு முத்திரையில் இருந்தது. ஆகவே உள்நாட்டில் ஒரு பங்கு தங்கத்துக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு வெள்ளி. வெளியுலகிலோ பதினைந்தரை. நாடு மூடிக் கிடந்தவரை இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அரசுக்கு நாணயம் அடிப்பதிலேயே லாபம்.

கெடுத்தது 1858-இல் அமெரிக்காவோடு செய்த வணிக ஒப்பந்தம். அந்நிய வெள்ளியை எடைக்கு எடை ஜப்பான் வெள்ளிக் காசாக மாற்றித் தர வேண்டும், காசை வெளியே கொண்டுபோகவும் தடையில்லை என்று அதில் எழுதிவிட்டார்கள். முத்திரைக்கு இருந்த மதிப்பு அந்த வரியோடு போயிற்று.

அடுத்த ஆண்டு யோகோஹாமா துறைமுகம் திறந்தது. நான்கு மெக்சிகோ வெள்ளி டாலரை சுங்கச்சாவடியில் நீட்டினால் 12 இச்சிபு. அதைக் கடைத்தெருவில் கொடுத்தால் மூன்று கோபான். கப்பலேற்றி ஷாங்காயில் விற்றால் ஒவ்வொன்றும் நான்கு டாலருக்குச் சற்று மேல். ஆக 12 டாலருக்குக் குறையாது. சரக்கு வாங்கி விற்கும் தலைவலியே இல்லை. தட்டுப்பாடெல்லாம் இச்சிபுவுக்குத்தான். சுங்கச்சாவடி அளந்து அளந்து கொடுத்ததால், கூடுதல் பங்கு கேட்டுப் பொய்ப் பெயர்களில் விண்ணப்பம் போட்டார்கள். கோபானுக்குக் கிராக்கி கூடக் கூட உள்ளூர் வியாபாரிகளும் விலையை ஏற்றினார்கள். நீங்கள் ‘ஏமாளிகள்’ என்ற கூட்டம் இதுதான்.

அரசும் முன்கூட்டியே ஒரு தடுப்பு வைத்திருந்தது. துறைமுகம் திறக்கும்போதே நிஷு என்றொரு புது வெள்ளிக் காசை இறக்கியது. முகமதிப்பு அரை இச்சிபு, எடையோ அரை டாலர்! இரண்டு நிஷு சேர்ந்தால் எடையில் ஒரு டாலர், மதிப்பில் ஒரே இச்சிபு. நான்கு டாலருக்கு ஒரு கோபான்தான் தேறும். லாபம் அங்கேயே செத்தது. ஒரு டாலருக்கு மூன்று இச்சிபு எண்ணியிருந்த அந்நியத் தூதர்கள் சும்மா விடுவார்களா? ஒப்பந்த மீறல் என்று குதித்தார்கள். சில வாரங்களில் நிஷு வாபஸ்.

வெள்ளியைத் தொட விடாததால், 1860-இல் தங்கத்தின் பக்கம் திரும்பினார்கள். பழைய கோபானின் மதிப்பை நான்கு இச்சிபுவிலிருந்து பதின்மூன்றரைக்கு உயர்த்தினார்கள். 12 இச்சிபுவுக்கு இனி ஒரு கோபான்கூடக் கிடைக்காது. புதுக் கோபானை 11 கிராமிலிருந்து 3.3 கிராமாகச் சுருக்கினார்கள். தங்கம் வெளியேறுவது நின்றது. ஆனால் பழைய கோபான் வைத்திருந்தவர் கையில் ஒரே நாளில் மூன்று மடங்குக்கும் மேல் பணம். அது சந்தைக்கு வந்ததும் விலைவாசி எகிறியது. அதைச் சுமந்தவர், கோபானை ஒருநாளும் கண்ணில் காணாத கூலிக்காரர்.