கரித்தூளா, டயாலிசிஸா?

கேள்வி: வலிப்புக்காகச் சாப்பிடும் ஃபினோபார்பிட்டோன் மாத்திரைகளை என் தம்பி அளவுக்கு மீறி விழுங்கிவிட்டான். ஐ.சி.யூ.வில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவக் கரித்தூள்தான் கொடுத்தார்கள். மூன்று நாள் கழித்தே கண் விழித்தான். உடனே டயாலிசிஸ் செய்திருக்கலாமே? சிறுநீரை அதிகம் போகவைத்திருக்கலாமே?

மருத்துவர் பதில்: உங்கள் தம்பிக்குச் செய்தது சரியான சிகிச்சையே. ஃபினோபார்பிட்டோன் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய நான்கு நாட்கள் ஆகும். கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது அந்த நேரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. முதல் முறை கொடுக்கும் 50 கிராம், வயிற்றில் மிஞ்சியுள்ள மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இரத்தத்தில் ஏற்கெனவே கலந்த மருந்தும் குடல் சுவர் வழியாகக் குடலுக்குள் கசிந்துகொண்டே இருப்பதால், அடுத்தடுத்த வேளைக் கரித்தூள் அதையும் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. கார்பமசெபின், டாப்சோன், தியோஃபிலின் ஆகிய மருந்துகளுக்கும் இம்முறை பொருந்தும். மனநல மருந்தான லித்தியம், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றைக் கரித்தூள் பிடிக்காது.

இதில் ஆபத்தும் உண்டு. மயக்கத்தில் இருப்பவருக்குக் கரித்தூள் நுரையீரலுக்குள் போய்விட்டால் மருந்தைவிட அதுவே பெரிய கேடாகும். ஆகவே முதலில் மூச்சுக்குழாயில் டியூப் பொருத்துவார்கள். குடல் அசைவு நின்றுபோனால் கரித்தூளையும் நிறுத்திவிட வேண்டும்.

சலைன் ஏற்றிச் சிறுநீரைப் பெருக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது, இன்று கைவிடப்பட்டுவிட்டது. வடிகட்டப்பட்ட மருந்தைச் சிறுநீரகம் மீண்டும் இரத்தத்துக்கே உறிஞ்சிக்கொள்வதால் பலன் குறைவு. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் சோடியம் சரிவதும்தான் மிச்சம். அதில் பயனுள்ள பகுதி, சோடியம் பைகார்பனேட் கொடுத்துச் சிறுநீரைக் காரத்தன்மைக்கு மாற்றுவது மட்டுமே. சிறுநீரின் பி.எச். 7.5-க்கு மேல் இருந்தால், ஆஸ்பிரின் போன்ற அமில மருந்துகள் திரும்ப உறிஞ்சப்பட முடியாமல் வெளியேறிவிடும். பொட்டாசியம் குறைந்திருந்தால் சிறுநீர் காரமாக மாறாது என்பதால் அதையும் ஈடுசெய்ய வேண்டும். ஃபினோபார்பிட்டோனும் அமில மருந்துதான் என்றாலும், அதற்குக் கரித்தூளே மேலான பலன் தருகிறது.

டயாலிசிஸால் இரத்தத்தில் உள்ளதை மட்டுமே எடுக்க முடியும். லித்தியம், மெத்தனால், கடுமையான ஆஸ்பிரின் நச்சு ஆகியவற்றில் அது உயிர்காக்கும். அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் இரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்வதால், மணிக்கணக்கில் செய்தாலும் துளிதான் வெளிவரும். ஃபினோபார்பிட்டோனை டயாலிசிஸ் நன்றாகவே அகற்றும். ஆயினும் பெரிய இரத்தக்குழாயில் குழாய் செருகும் அபாயம் அதில் இருப்பதால், இரத்த அழுத்தம் தாங்காமல் சரியும்போதோ, கரித்தூள் கொடுத்தும் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும்போதோ, நினைவு திரும்பாமல் நாட்கள் நீளும்போதோதான் அதை நாடுகிறோம்.

இனி ஒன்றைக் கவனியுங்கள். கரித்தூள் வலிப்பு மருந்தின் அளவைச் சட்டென்று இறக்கிவிட்டதால், தம்பிக்கு மீண்டும் வலிப்பு வர வாய்ப்புண்டு. மாத்திரையை எப்போது, எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதை நரம்பியல் மருத்துவரிடம் உடனே கேளுங்கள். தெரிந்தே விழுங்கியிருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அதுவரை மாத்திரை அட்டை உங்கள் கைவசமே இருக்கட்டும்.