ரெட்ரோ ஸ்லைடு: கேள்வி பதில்

அக்கா, ஸ்பிரின்ட் முடிஞ்சதும் டீம் உட்கார்ந்து பேசுற ரெட்ரோவுக்கு எத்தனை ஸ்லைடு? 7 பேர் 31 சீட்டு எழுதிட்டாங்க, எல்லாத்தையும் போடணுமா?

வேண்டாம். 4 ஸ்லைடு போதும். முதல் ஸ்லைடில் போன ரெட்ரோவில் ஒப்புக்கொண்டது என்ன ஆயிற்று என்று காட்டுங்கள். முடியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். இதை விட்டால், எழுதி என்ன பயன் என்று அடுத்த முறை சீட்டே வராது.

இரண்டாவதில் 31 சீட்டையும் குவியலாக்குங்கள். "ரிவ்யூ லேட்", "பிஆர் கிடப்புல கிடக்கு", "மெர்ஜ் எல்லாம் கடைசி நாள்" மூன்றும் ஒரே குவியல்தான். ஆளுக்கு 3 ஓட்டு, ரகசியமாக. லீட் முதலில் புள்ளி வைத்தால் மற்றவர்களும் அங்கேயேதான் வைப்பார்கள்.

மூன்றாவது, முதலிடம் பிடித்த குவியலுக்கு மட்டும். ரிவ்யூ ஏன் தாமதம்? ஒரு பிஆரிலேயே 800 வரி கோட். ஏன் அவ்வளவு? யூசர் ஸ்டோரி முழுதாக முடிந்த பிறகே அனுப்புகிறார்கள். இந்தக் காரணம் திரையில் வராமல் தீர்வுக்குப் போகாதீர்கள். காரணம் தெரியாதபோதுதான் "ரிவ்யூவை வேகப்படுத்துவோம்" என்று எழுதத் தோன்றும். அது வெறும் ஆசை.

நான்காவதில் செயல்: "பிஆர் 300 வரிக்குள். தினமும் 11 மணிக்கு அரை மணி நேரம் ரிவ்யூ மட்டும். கவனிப்பவர் ஒருவர். அடுத்த ரெட்ரோவில், ஒரு நாளுக்கு மேல் திறந்தே கிடந்த பிஆர் எத்தனை என்று எண்ணுவோம்." ஒன்று, மிஞ்சினால் இரண்டு செயல். "டீம் பொறுப்பு" என்று எழுதினால் யாரும் தொடமாட்டார்கள்.

டெம்ப்ளேட் லிங்க் கிடைக்குமா?

மேலே உள்ள 4 ஸ்லைடுதான் டெம்ப்ளேட்.

கிளையண்டுக்கு டெமோ எத்தனை நிமிஷம் வைக்கலாம்?

அது ஸ்பிரின்ட் ரிவ்யூ. இங்கே பேசுவது ரெட்ரோ.

ஸ்க்ரம் கைடுபடி ஒரு செயலாவது ஸ்பிரின்ட் பேக்லாக்ல கட்டாயம் இருக்கணும். அதை ஏன் சொல்லல?

2017 பதிப்பில் கட்டாயம்தான். 2020-இல் "சேர்க்கலாம்" என்று தளர்த்திவிட்டார்கள். ஆனாலும் சேர்த்துவிடுங்கள். ஸ்லைடிலேயே விட்டால் மறந்துபோகும்.

சேர்த்தா பிராடக்ட் ஓனர் தூக்கிடுறாரே?

ஸ்பிரின்ட் பேக்லாக் டெவலப்பர்களுடையது. அவர் தன்னிச்சையாகத் தூக்க முடியாது.

கைடுல இருக்கும் அக்கா, எங்க ஆபீஸ்ல இல்ல. அப்ரைசல் அவர் கையில.

அதற்குக் கைடில் பதில் இல்லை. தினசரி அரை மணி என்றால் இரண்டு வாரத்தில் ஆளுக்கு 5 மணி நேரம். பிளானிங்கிலேயே அதைக் கழித்துவிட்டு மீதி நேரத்துக்கு மட்டும் ஸ்டோரி எடுத்துப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் என்ன செய்வது, இங்கே வேறு யாராவது சமாளித்திருந்தால் எழுதுங்கள்.

மேனேஜர் உட்காரலாமா?

ஓட்டு முடியும்வரை வேண்டாம். நான்காவது ஸ்லைடுக்குக் கூப்பிடுங்கள்.

செயல் 6 வெச்சா தப்பா? ஸ்லைடு எத்தனை?

முதல் பதிலைப் படியுங்கள், தம்பி.