மூன்று ரீடிங்குக்கு k எவ்வளவு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை ஆலை ஆய்வகங்களிலிருந்தும் ரப்பர் பால் சோதிக்கும் இடங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன: ரீடிங் குறைவாக இருக்கும்போது, நிச்சயமின்மையைப் பெருக்கி அறிக்கையின் U ஐத் தரும் k என்ன போடுவது? ஆகவே இந்த முறை முழுவதும் அதற்கே.

கேள்வி: 200 கிராம் தராசுக்கு மூன்று ரீடிங் எடுத்து, k = 2 போட்டு அறிக்கை தந்தேன். மதிப்பீட்டாளர் ஏற்க மறுக்கிறார். எல்லோரும் 2 தானே போடுகிறார்கள், ஐயா?

எல்லோரும் போடுகிறார்கள் என்பது தெரியும். எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தமே அதுதான். அறிக்கையின் அடியில் “k = 2, ஏறக்குறைய 95 விழுக்காடு நம்பிக்கை” என்ற வரி முன்கூட்டியே அச்சாகிக் கிடக்கிறது. ரீடிங் மூன்றா முப்பதா என்று அந்த வரிக்குத் தெரியாது. அதை நம்பித் தராசைப் பயன்படுத்துபவருக்கும் தெரியாது. மதிப்பீட்டாளர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

நீங்கள் அனுப்பிய எண்களையே எடுத்துக்கொள்வோம். பெயரளவு 200 கிராமிலிருந்து மூன்று ரீடிங்கின் விலகல்கள் 0.3, 0.7, 0.2 மி.கி. சராசரி 0.4. திட்ட விலக்கம் s = 0.265 மி.கி. சராசரியின் நிச்சயமின்மை u_A = 0.265 ÷ √3, அதாவது 0.153 மி.கி. இதன் கட்டின்மை எண் ν = 2. மூன்று ரீடிங்குக்கு இரண்டு. n − 1, n அல்ல.

மற்ற வரிகள் இவை. E2 வகுப்பு எடைக்கல்லின் சான்றிதழில் U = 0.10 மி.கி., k = 2; எனவே 0.05. கல்லின் டிரிஃப்டுக்கு ±0.1 மி.கி. செவ்வகப் பரவல், எனவே 0.058. தராசின் ரெசல்யூஷன் 0.1 மி.கி., பூஜ்யத்திலும் சுமையிலுமாக இருமுறை, எனவே 0.041. காற்று மிதப்பையும் வெப்பநிலையையும் எளிமைக்காக இங்கே விடுகிறேன். உங்கள் கணக்கில் அவை இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் u_c = 0.176 மி.கி. அதில் பெரும்பங்கு அந்த மூன்று ரீடிங்கினுடையது. இனி மொத்தத்தின் கட்டின்மை எண் ν_eff ஐத் தரும் வெல்ச்–சாட்டர்த்வெய்ட் சூத்திரம்:

```
ν_eff = u_c^4 / Σ( u_i^4 / ν_i )
```

சான்றிதழ், டிரிஃப்ட், ரெசல்யூஷன் மூன்றுக்கும் ν முடிவிலி என்று வைத்தால் அவற்றின் உறுப்புகள் பூஜ்யமாகிவிடும். மிஞ்சுவது 2 × (0.176 ÷ 0.153)⁴, ஏறத்தாழ 3.5. கீழே இறக்கினால் 3. ν = 3 க்கு 95.45 விழுக்காட்டில் t அட்டவணை தரும் k = 3.31. ஆக U = 0.58 மி.கி. நீங்கள் எழுதிக் கொடுத்ததோ 0.35.

அந்த 0.35 உண்மையில் எவ்வளவு நம்பிக்கை தருகிறது? ν = 3 இல் k = 2 போட்டால் ஏறக்குறைய 86 விழுக்காடுதான். இருபதில் ஒருமுறை தவறலாம் என்று அறிக்கை சொல்கிறது. நடப்பது ஏழில் ஒருமுறை. காரணம் எளிது. மூன்று ரீடிங்கிலிருந்து வரும் s தானே ஏறத்தாழ 50 விழுக்காடு நிச்சயமற்றது. பத்து ரீடிங்கில்கூட அது 24 விழுக்காடு. சிதறலே சரியாகத் தெரியாதபோது, அந்த அறியாமைக்கும் சேர்த்து இடம் விடுவதுதான் பெரிய k. t அட்டவணை பிறந்ததே இதற்காகத்தான்: கின்னஸ் மது ஆலையில் வேலை செய்த கோசெட், கைக்குக் கிடைத்த சில மாதிரிகளை வைத்து முடிவு சொல்ல வேண்டியிருந்ததால் 1908 இல் அதை உருவாக்கினார். தொழிற்சாலை ஆய்வகத்தின் பிரச்சினைக்குத் தொழிற்சாலை ஆய்வகத்தில் கண்ட விடை அது. அதை ஒதுக்கிவிட்டு 2 எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அதே தராசு, அதே s. ஆனால் பத்து ரீடிங். சராசரியின் நிச்சயமின்மை 0.084 ஆகக் குறையும். u_c = 0.12, ν_eff ஏறத்தாழ 38, k = 2.07, U = 0.25 மி.கி. கூடுதலாக ஏழுமுறை கல்லை ஏற்றி இறக்கினால் 0.58 பாதிக்கும் கீழே போகிறது. அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: ν_eff 3.5 வந்தால் 4 ஆக எடுக்கலாமா?

கூடாது. கீழே உள்ள முழு எண்ணுக்கு இறக்குங்கள். இல்லையென்றால் அட்டவணையில் இடைக்கணிப்பு செய்யுங்கள். 4 க்கு k = 2.87, 3 க்கு 3.31. இந்தச் சிறிய எண்களில் ஒரு படி என்பது பெரிய பள்ளம்.

கேள்வி: என் எக்செலில் ν_eff 1.3 வருகிறது. எங்கே தவறு?

தம்பி, எண்களை அனுப்பாமல் விடையை மட்டும் அனுப்பினால் நான் எதைப் பார்ப்பது? எத்தனை ரீடிங், u_A எவ்வளவு, u_c எவ்வளவு, இந்த மூன்றும் இல்லாத கேள்விக்குப் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும்.

ν_eff ஒருபோதும் பட்டியலில் உள்ள மிகச் சிறிய ν ஐவிடக் குறையாது. மூன்று ரீடிங் எடுத்திருந்தால் 2 க்குக் கீழே வரவே வராது. வந்தால் கணக்கு தவறு. வழக்கமான தவறுகள் மூன்று. u_A வில் சராசரியின் நிச்சயமின்மைக்குப் பதிலாக s ஐயே போட்டு, u_c யில் மட்டும் s ÷ √n போடுவது. ஒரு வரியை மி.கி. யிலும் இன்னொன்றைக் கிராமிலும் வைப்பது. உணர்திறன் கெழுவை u_c யில் பெருக்கிவிட்டுக் கீழே உள்ள நான்காம் அடுக்கில் மறப்பது. நான்காம் அடுக்கு என்பதால் சிறிய பிசகும் பெரிதாக வெடிக்கும்.

ரீடிங் வரிக்கு மட்டுமே வரம்புள்ள ν இருந்தால் இது போதும். B1 இல் u_c, B2 இல் u_A, B3 இல் n:

```
B4: =ROUNDDOWN((B3-1)*(B1/B2)^4, 0)
B5: =T.INV.2T(0.0455, B4)
```

`T.INV` வேறு, `T.INV.2T` வேறு. முதலாவது ஒருபக்கக் கணக்கு, அதில் 0.9545 போட்டால் k சிறிதாக வரும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கேள்வி: ஸ்டெரிலைசர் பிரஷர் கேஜுக்கும் மூன்று ரீடிங்தான். அதற்கும் 3.31 போட வேண்டுமா?

வேண்டியதில்லை. ரீடிங் எண்ணிக்கையை மட்டும் பார்த்து k ஐ முடிவு செய்வதும் தவறு. உங்கள் கணக்கில் u_A = 0.006 பார், u_c = 0.03 பார். முள் கேஜில் அளவுக்கோட்டைப் படிக்கும் நிச்சயமின்மையே எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. விகிதம் 5, நான்காம் அடுக்கு 625, இரண்டால் பெருக்கினால் 1250. k = 2 தாராளமாகப் போடுங்கள்.

கைக்கணக்காக இதை வைத்துக்கொள்ளலாம்: மூன்று ரீடிங் எடுத்தால் u_A, u_c யில் 44 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பத்து ரீடிங் என்றால் 65 விழுக்காடு வரை இருக்கலாம். அதற்குள் இருந்தால் ν_eff 50 ஐத் தாண்டும், k 2.05 க்கு மேல் போகாது.

கேள்வி: தினமும் பத்து ரீடிங் எடுக்க ஆள் இல்லை. மூன்றோடு சமாளிக்க நேர்மையான வழி உண்டா?

உண்டு, நல்ல கேள்வி. அதே தராசில், அதே கல்லை வைத்து, ஒருமுறை பத்து ரீடிங் எடுத்து அதன் s ஐப் பதிந்து வையுங்கள். அது 0.265 மி.கி. என்று வைப்போம். பிறகு அன்றாட வேலையில் மூன்று ரீடிங்கின் சராசரியை எடுத்து, நிச்சயமின்மைக்கு அந்தப் பழைய s ஐப் பயன்படுத்துங்கள். u_A = 0.265 ÷ √3. முன்பு போலவே 0.15. ஆனால் ν இப்போது 9. மேலே பார்த்த கணக்கில் ν_eff 15 ஆகும், k = 2.18, U = 0.38 மி.கி. ஒரு ரீடிங்கும் கூட்டாமல் 0.58 இங்கே வந்துவிடுகிறது.

வர்க்கமூலத்துக்குள் போவது இன்றைய 3. ν வருவது பழைய பத்திலிருந்து, 9. இதை மாற்றி √10 ஆல் வகுப்பவர்கள் பலர். அது இல்லாத துல்லியத்தை எழுதுவது.

தராசு அன்றைக்கு இருந்த மாதிரிதான் இன்றும் இருக்கிறது என்பதற்குச் சான்றும் வேண்டும். இன்றைய மூன்றின் s, பழைய s போல இரண்டு மடங்கைத் தாண்டினால் பழையதைப் பயன்படுத்தாதீர்கள். F சோதனையில் 2 க்கும் 9 க்கும் 5 விழுக்காட்டு எல்லை 4.26, அதன் வர்க்கமூலம்தான் இந்த இரண்டு மடங்கு. பாய்லர் பக்கம் புதிதாக மின்விசிறி வைத்திருப்பார்கள், மேசையை நகர்த்தியிருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள். தராசைச் சர்வீஸ் செய்தாலும் இடம் மாற்றினாலும் பத்து ரீடிங்கை மறுபடி எடுங்கள்.

கேள்வி: மூன்று ரீடிங்கும் ஒன்றுபோல வந்தன. s பூஜ்யம், ν_eff முடிவிலி, k = 2. சரியா?

சூத்திரம் அப்படிச் சொல்லும், தராசு சொல்லவில்லை. காட்சியின் கடைசி இலக்கத்துக்குக் கீழே உள்ள சிதறல் உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பதிந்து வைத்த s இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் மேலும் ஏழு எடுங்கள். பத்தும் ஒன்றாகவே வந்தால் ரெசல்யூஷன் வரியே போதும்.

கேள்வி: எடைக்கல் சான்றிதழில் k = 2.32 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழையல்ல. அதைத் தந்த ஆய்வகம் இந்தக் கணக்கை ஒழுங்காகச் செய்திருக்கிறது. U ஐ 2.32 ஆல் வகுங்கள், 2 ஆல் அல்ல. சான்றிதழின் k ஐப் பார்க்காமல் வகுக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் இந்தத் தவறு வந்துகொண்டே இருக்கிறது. 95.45 விழுக்காடு என்று போட்டிருந்தால் 2.32 என்பது ν = 9. உங்கள் சூத்திரத்தில் அந்த வரிக்கு முடிவிலிக்குப் பதில் 9 போடுங்கள். 95 விழுக்காடு என்று போட்டிருந்தால் அட்டவணையே வேறு; அங்கே ν = 8 க்கு 2.31. எந்த விழுக்காடு என்று முதலில் படியுங்கள்.

கேள்வி: டிரிஃப்ட் ±0.1 என்பது என் உத்தேசம்தான். அதற்கு ν முடிவிலி போடலாமா?

அந்த எல்லைக்கு வெளியே போகாது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் போடலாம். சந்தேகம் இருந்தால், அந்த u எத்தனை விழுக்காடு தவறாக இருக்கலாம் என்று கேளுங்கள். 25 விழுக்காடு என்றால் ν = 8; 10 விழுக்காடு என்றால் 50. உங்கள் தராசுக் கணக்கில் டிரிஃப்டுக்கு 8 போட்டுப் பார்த்தாலும் ν_eff 3 இலேயே நிற்கும். அங்கே அடியை இழுப்பது டிரிஃப்ட் அல்ல, அந்த மூன்று ரீடிங்.