எந்தச் சோதனை என்று கணக்கே சொல்லும்: மல்லிகைத் தோட்டம் வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: புள்ளியியல் தாளில் கணக்கைக் கொடுத்துவிட்டு "பொருத்தமான சோதனையைத் தேர்ந்தெடுத்துச் செய்க" என்கிறார்கள். சூத்திரம் தெரிகிறது, கணக்கும் போட்டுவிடுகிறேன். ஆனால் சாதா டி-டெஸ்ட்டா, ஜோடி டி-டெஸ்ட்டா, கை-வர்க்கமா என்று முடிவு செய்வதில்தான் தடுமாறுகிறேன். எதைப் பார்த்து முடிவு செய்வது?
— முதுகலை மாணவி, உசிலம்பட்டி

பதில்: கணக்கைப் படித்ததும் சோதனையின் பெயரைத் தேடாதீர்கள். அந்தத் தரவை ஒரு தாளில் அட்டவணையாக எழுதினால் ஒரு வரிசையில் என்ன வரும் என்று முதலில் பாருங்கள். பிறகு மூன்றே கேள்விகள். அளந்தது எண்ணா, வகையா? எத்தனை குழுக்கள்? ஒரு குழுவில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அடுத்த குழுவில் சொந்தமாக ஒரு ஜோடி இருக்கிறதா? முதல் இரண்டில் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. மதிப்பெண் போவது மூன்றாவதில்தான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

உங்கள் பக்கத்துக் கணக்காகவே ஒன்று எடுத்துக்கொள்வோம். எண்கள் பயிற்சிக்காக வைத்தவை. உசிலம்பட்டி வட்டாரத்தில் 8 மல்லிகைத் தோட்டங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் சம அளவில் இரண்டு பாத்திகள்: ஒன்றுக்கு வழக்கமான உரம், மற்றதற்குப் புது உரம். எந்தப் பாத்திக்கு எது என்பது சீட்டுக் குலுக்கி முடிவானது. ஒரு வாரம் பறித்த மொட்டின் எடை கிலோவில்:

பழைய உரம்: 12, 18, 9, 22, 15, 11, 20, 13
புது உரம்: 14, 19, 11, 24, 16, 14, 22, 14

கிலோ என்பதால் எண் தரவு. இரண்டு உரம், ஆக இரண்டு குழு. இதோடு நிறுத்திச் சாதா டி-டெஸ்ட் போட்டால் என்ன ஆகும்? சராசரிகள் 15, 16.75. வித்தியாசம் 1.75 கிலோ, அதன் திட்டப்பிழை சுமார் 2.27. t = 0.77. கட்டின்மை கூறுகள் 14-க்கு 5 சதவீத மட்டத்தில் அட்டவணை மதிப்பு 2.145. எனவே "புது உரத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை" என்று எழுதிவிடுவீர்கள்.

இப்போது எண்களை மேலும் கீழுமாகப் பொருத்திப் பாருங்கள். முதல் 12-ம் முதல் 14-ம் ஒரே தோட்டம். மண், கிணற்றுத் தண்ணீர், செடியின் வயது, பறிக்கும் ஆள் எல்லாமே ஒன்று. அதனால் வித்தியாசத்தை மட்டும் எடுக்கிறோம்: 2, 1, 2, 2, 1, 3, 2, 1. சராசரி அதே 1.75தான். ஆனால் வித்தியாசங்களின் திட்ட விலக்கம் 0.707 மட்டுமே. அதை √8-ஆல் வகுத்தால் திட்டப்பிழை 0.25. t = 1.75 / 0.25 = 7. கட்டின்மை கூறுகள் 7-க்கு அட்டவணை மதிப்பு 2.365. முடிவு தலைகீழாகிவிட்டது.

காரணம் இதுதான். 9 கிலோ தரும் தோட்டத்துக்கும் 22 கிலோ தரும் தோட்டத்துக்கும் உள்ள இடைவெளி உரத்தால் வந்ததல்ல, தோட்டத்தால் வந்தது. சாதா டி-டெஸ்ட் அந்த இடைவெளியையும் சேர்த்துப் பிழையாக எண்ணுகிறது. அந்த இரைச்சலில் 1.75 கிலோ அமுங்கிப்போகிறது. தோட்டத்துக்குள்ளேயே கழித்ததும் அந்த இரைச்சல் போய்விடுகிறது.

ஜோடியா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கீழ்வரிசை எண்களை மட்டும் இடம் மாற்றிப் போடுங்கள். அர்த்தம் கெடுகிறது என்றால் ஜோடி, கெடவில்லை என்றால் தனித்தனிக் குழு. இதே கணக்கில் பழைய உரத்துக்கு உசிலம்பட்டியில் 8 தோட்டமும் புது உரத்துக்குத் திருமங்கலத்தில் வேறு 8 தோட்டமும் எடுத்திருந்தால், எந்த வரிசையில் எழுதினாலும் ஒன்றுதான். அங்கே சாதா டி-டெஸ்ட்தான் சரி. இரண்டு பக்கமும் எண்ணிக்கை சமம் என்பதற்காக ஜோடி என்று முடிவு கட்டுவதுதான் தேர்வுத்தாளில் அடிக்கடி பார்க்கும் தவறு. எண்ணிக்கை சமமில்லை என்றால் ஜோடி இல்லை எனலாம் (இடையில் யாராவது விடுபட்டிருந்தால் தவிர). ஆனால் சமம் என்பதால் ஜோடி என்று ஆகாது.

கேள்வித்தாளில் "முன்", "பின்", "அதே நபர்கள்", "ஒவ்வொரு தோட்டத்திலும்", "இரட்டையர்" போன்ற சொற்கள் வந்தால் அடிக்கோடிடுங்கள். ஆனால் ஆய்வேடு எழுதும்போது "முன்–பின்" மட்டும் போதாது. தை மாதத்தில் பழைய உரத்தையும் சித்திரையில் புது உரத்தையும் போட்டு அளந்தால் ஜோடி டி-டெஸ்ட் பிரமாதமான t மதிப்பைக் கொடுக்கும். பனியில் பூ குறைவதும் வெயிலில் கூடுவதும் மல்லிகைக்கு வழக்கம். அந்த t, உரத்தைப் பற்றியதா பருவத்தைப் பற்றியதா என்று எந்தச் சூத்திரமும் பிரித்துச் சொல்லாது.

இதே தோட்டங்களை வைத்துக்கொண்டு கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் சோதனையும் மாறும். ஒவ்வொரு தோட்டத்திலும் மூன்று பாத்தி, மூன்று உரம் என்றால் தோட்டத்தைத் தொகுதியாக வைத்து இருவழி அனோவா. மூன்று உரத்துக்கும் வெவ்வேறு தோட்டங்கள் என்றால் ஒருவழி அனோவா. மூன்று ஜோடிகளாகப் பிரித்து மூன்று முறை டி-டெஸ்ட் போடக் கூடாது. ஒவ்வொன்றிலும் 5 சதவீதம் தவறு செய்ய இடம் விட்டால், மொத்தத் தவறு அதற்கு மேல் ஏறிவிடும்.

கிலோவுக்குப் பதிலாக "இந்த உரத்தை மறுபடி வாங்குவீர்களா?" என்று கேட்டு ஆம், இல்லை என்று குறித்தால் அது வகைத் தரவு. இரண்டு ஊர் விவசாயிகளை ஒப்பிட்டால் கை-வர்க்கம். எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஏதாவது ஒரு கட்டத்தில் 5-க்குக் கீழே போனால் ஃபிஷர் சோதனை. அதே விவசாயிகளிடம் பயிற்சிக்கு முன்னும் பின்னும் கேட்டால் மெக்நெமர். "60 சதவீதம் பேர் ஆம் என்றனர்" என்று கணக்கில் எண் தெரிவதால் டி-டெஸ்ட் பக்கம் போய்விடாதீர்கள். ஒரு விவசாயியிடமிருந்து வந்தது ஆம் அல்லது இல்லைதான், 60 அல்ல.

டி-டெஸ்ட்டுக்குத் தரவு இயல்நிலைப் பரவலில் இருக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். ஜோடிக் கணக்கில் அதைப் பார்க்க வேண்டியது வித்தியாசங்களில். இரண்டு வரிசைகளிலும் தனித்தனியாக அல்ல. வித்தியாசங்கள் மிகவும் கோணலாக இருந்தால் வில்காக்சன் குறியிட்ட தரச் சோதனைக்கு மாறுங்கள். தனித்தனிக் குழுவாக இருந்தால் அந்த இடத்தில் மான்–விட்னி.

எக்செல்லில் சரிபார்க்க, பழைய உரம் B2 முதல் B9 வரை, புது உரம் C2 முதல் C9 வரை என்றால்:

```
=T.TEST(B2:B9,C2:C9,2,1)
```

கடைசியில் உள்ள 1 ஜோடி டி-டெஸ்ட்டைக் குறிக்கும். 2 போட்டால் சம மாறுபாடு கொண்ட தனித்தனிக் குழுக்கள், 3 போட்டால் சமமற்ற மாறுபாடு. இது t மதிப்பைத் தராது, p மதிப்பை மட்டும் தரும். இந்தக் கணக்கில் 1 போட்டால் 0.001-ஐ விடக் குறைவாகவும், 2 போட்டால் 0.4-க்கு மேலும் வரும்.

ஆய்வுக்காக நீங்களே தரவு திரட்டப் போகிறீர்கள் என்றால், முன்–பின் படிவம் இரண்டிலும் விவசாயிக்கு ஒரே வரிசை எண்ணைப் போடுங்கள். எண் இல்லாத படிவங்களை யாருடையது எது என்று பிறகு பொருத்த முடியாது. ஜோடியாகத் திரட்டிய தரவை ஜோடியாக அலச வழியே இருக்காது.