ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் கருவைக் கலைக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 11 வாரக் கர்ப்பம். டாக்ஸோபிளாஸ்மா டெஸ்ட்டில் ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் பாசிட்டிவ். வீட்டில் நான்கு வருடமாகப் பூனை இருக்கிறது. கருவைக் கலைத்துவிடு என்கிறார் உறவினர் ஒருவர். எச்ஐவிக்கு சிகிச்சை எடுக்கும் என் அண்ணனும் எங்களோடுதான் இருக்கிறார். பூனையால் அவருக்கும் ஆபத்தா, டாக்டர்?

பதில்: இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கருக்கலைப்பு என்ற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது, உங்கள் உறவினரிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

டாக்ஸோபிளாஸ்மா என்பது பூனை மலம், வேகாத கறி வழியாக வரும் ஒரு கிருமி. ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் அதை எதிர்க்க நம் உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்கள். குழந்தைக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்று ஏற்பட்டால்தான். அதற்குப் பல மாதம் முன்பே வந்து போயிருந்தால் உங்கள் உடம்பில் எதிர்ப்பு சக்தி உருவாகியிருக்கும், அது குழந்தையையும் காக்கும். ஆகவே தொற்று இருக்கிறதா என்பதைவிட எப்போது வந்தது என்பதுதான் கேள்வி, அதற்கு ஐஜிஎம் சரியான பதில் சொல்லாது. புதுத் தொற்றில் முதலில் தெரிவது அதுதான் என்றாலும், சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் ரத்தத்தில் தங்கிவிடும், தொற்றே இல்லாமல் தப்பாகப் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு.

நீங்கள் அடுத்துக் கேட்க வேண்டியது 'ஐஜிஜி அவிடிட்டி' டெஸ்ட். தொற்று புதிதாக இருக்கும்போது ஐஜிஜி கிருமியைத் தளர்வாகத்தான் பிடிக்கும், மாதங்கள் போகப் போகப் பிடி இறுகும். அந்த இறுக்கத்தை அளப்பதுதான் இந்த டெஸ்ட். உங்களுக்கு அது 'ஹை' என்று வந்தால் தொற்று வந்து குறைந்தது நான்கு மாதம் ஆகிவிட்டது என்று அர்த்தம். இப்போது உங்களுக்கு 11 வாரம்தானே, அப்படியானால் கரு உருவாவதற்கு முன்பே வந்தது, நிம்மதியாக இருக்கலாம். இதே டெஸ்ட்டை 20 வாரத்துக்கு அப்புறம் எடுத்தால் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

'லோ' என்று வந்தாலும் பயந்துவிட வேண்டாம். சிலருக்குப் பிடி இறுகவே பல மாதம் ஆகும், ஆக அது புதுத் தொற்றுக்கு உறுதியான சாட்சி இல்லை. ஆனால் சும்மா இருந்துவிடவும் கூடாது. கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டாமல் இருக்க ஸ்பைராமைசின் மாத்திரை தொடங்குவார்கள், 18 வாரத்துக்கு அப்புறம் பனிக்குட நீரை எடுத்து அதில் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று பிசிஆர் டெஸ்ட்டில் பார்ப்பார்கள், கூடவே ஸ்கேனில் குழந்தையின் மூளையைக் கவனிப்பார்கள். தொற்று ஆரம்ப மாதங்களில் வந்தால் குழந்தைக்குப் போவது குறைவு, போனால் பாதிப்பு கடுமை. கடைசி மாதங்களில் எளிதாகப் போகும், ஆனால் பெரும்பாலும் பிறக்கும்போது எதுவும் தெரியாது, பின்னாளில் கண்ணில் வெளிப்படலாம்.

பூனையைத் துரத்த வேண்டாம். பொதுவாக ஒரு பூனை தனக்கு முதன்முறை தொற்று வரும்போது மட்டும், ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை, மலத்தில் கிருமியை வெளியேற்றும். அதுவும் வெளியே வந்த உடனே தொற்றாது, முதிர ஒரு நாளாவது வேண்டும். அதனால் மலத்தட்டைத் தினமும் யாராவது சுத்தம் செய்துவிட்டாலே பெரும்பாலும் போதும். நீங்களும் அண்ணனும் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. தட்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள், ப்ளீச்சுக்கு இந்தக் கிருமி சாகாது. பூனைக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள், எலி பிடிக்க வெளியே விடாதீர்கள்.

பூனையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் சமையலறையை மறந்துவிடுகிறார்கள். கொத்துக்கறியைப் பிசைந்துவிட்டு உப்புப் பார்க்கப் பச்சையாகவே நாக்கில் வைப்பது, கறி வெட்டிய பலகையிலேயே கத்தியையும் கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்குவது, இதெல்லாம் பூனையே இல்லாத வீட்டிலும் தொற்றைக் கொண்டுவரும். கறி உள்ளே வரை சிவப்பு மாறி வேக வேண்டும். மண்ணிலும் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் காய்கறிகளையும் நன்றாகக் கழுவுங்கள்.

அண்ணன் விஷயம் உங்களுடையதற்கு நேர்மாறானது. உங்களுக்குப் பழைய தொற்று பாதுகாப்பு, அவருக்கு அதுதான் ஆபத்து. இந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை, மூளையிலும் தசையிலும் சிறு கட்டிகளாக உறங்கிக் கிடக்கும், எதிர்ப்பு சக்தி சரிந்ததும் எழுந்துவிடும். ஆக இன்றைய பூனையைவிட என்றோ அவருக்கு வந்த தொற்றுதான் முக்கியம். அவருடைய ஐஜிஜியையும், எதிர்ப்பு சக்தி எவ்வளவு என்று காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கையையும் கேளுங்கள். ஐஜிஜி பாசிட்டிவாக இருந்து சிடி4 100-க்குக் கீழே போனால் தடுப்புக்காகக் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை கொடுப்பது வழக்கம், அவரே நிறுத்திவிடக் கூடாது. எச்ஐவி மாத்திரைகள் ஒழுங்காக நடந்து சிடி4 ஏறினால் டாக்டரே நிறுத்துவார்.

விடாத தலைவலியோடு காய்ச்சல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, பேச்சில் குழப்பம், வலிப்பு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சீக்கிரம் மருந்து தொடங்கினால் பெரும்பாலோர் இரண்டு வாரத்துக்குள் தேறத் தொடங்கிவிடுவார்கள்.