வேலிக்கு உள்ளே நின்றவன் 'அருகில்' இருந்தானா?

"சார், கோயம்புத்தூரில் சட்டம் மூன்றாம் வருசம் படிக்கிறேனுங்க. சட்டப் பொருள்கோள் பேப்பரில் லிட்டரல், கோல்டன், பர்ப்போசிவ் மூணுக்கும் விளக்கம், கேஸ் பேரு எல்லாம் எழுதறேன். ஆனாலும் 'அப்ளிகேஷன் இல்லை'ன்னு மார்க்கைக் குறைச்சுடறாங்க. எப்படித்தான் எழுதறதுங்க?"

விளக்கங்களை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு சொல்லை எடுத்து மூன்று முறைகளையும் அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். நான் படித்த காலத்தில் மூன்று பக்கத்துக்கு வரையறைகளாக எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டு, 'எந்தச் சொல்லில் தகராறு?' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். உங்கள் கட்டுரையின் முதல் வரியே அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும்.

நம் ஊரை வைத்தே ஒரு கற்பனைச் சம்பவம் எடுத்துக்கொள்வோம். சூலூர் விமானப்படைத் தளத்தின் வேலியைத் தாண்டி ஒருவன் உள்ளே போகிறான். அங்கே காவலில் நிற்கும் வீரரை வேலை செய்யவிடாமல் மறிக்கிறான். 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் அவன் மேல் வழக்கு. தடைசெய்யப்பட்ட இடத்தின் 'விசினிட்டி'யில், அதாவது அதன் அருகில், இருக்கும் எவரும் காவல் பணியில் உள்ள படைவீரரையோ போலீஸ் அதிகாரியையோ தடுக்கவோ தெரிந்தே திசைதிருப்பவோ கூடாது என்கிறது அந்தப் பிரிவு. விமானப்படைத் தளம் தடைசெய்யப்பட்ட இடம்தான், 2ஆம் பிரிவின் வரையறையிலேயே வந்துவிடுகிறது. அவன் வீரரைத் தடுத்ததிலும் சந்தேகமில்லை. தகராறு ஒன்றுதான்: உள்ளே நின்றவன் 'அருகில்' இருந்தவன் ஆவானா?

முதலில் சொல்லின் நேர்ப்பொருள். "பெருந்துறைக்குப் பக்கத்துல வந்துட்டேனுங்க" என்று போனில் சொல்கிறவர் இன்னும் பெருந்துறைக்குள் வரவில்லை என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்வார். அந்தக் கணக்கில் நம் ஆள் தப்பிக்கிறான். பெரும்பாலானவர்கள் இதோடு அடுத்த முறைக்குத் தாவிவிடுகிறார்கள். இங்கேதான் மார்க் கிடக்கிறது. லிட்டரல் ரூல் என்றால் அகராதியைப் புரட்டுவது மட்டுமில்லை, அதே சட்டத்தின் மற்றப் பிரிவுகளோடு சேர்த்துப் படிப்பதும்தான். 3ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். அங்கே தடைசெய்யப்பட்ட இடத்தை அணுகுவது, அதன் அருகில் இருப்பது, அதனுள் நுழைவது எல்லாம் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. 'நுழைவது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத் தெரிந்த சட்டமன்றம், 7ஆம் பிரிவில் 'அருகில்' என்பதோடு நிறுத்திக்கொண்டது. எதிரித் தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான். அதோடு, தண்டனைச் சட்டத்தில் இரண்டு பொருளுக்கு நியாயமான இடம் இருந்தால் தண்டனையிலிருந்து விடுவிக்கும் பொருளின் பக்கமே சாய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தோலாராம் ரேலுமல் வழக்கில் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி கோல்டன் ரூல், அதாவது நேர்ப்பொருள் அபத்தத்தில் கொண்டுபோய் விட்டால் சொல்லைச் சற்று மாற்றிப் படிக்கும் முறை. நம் கதை முழுக்கக் கற்பனையும் அல்ல. இங்கிலாந்தில் நார்ஃபோக்கில் உள்ள மார்ஹாம் விமானப்படைத் தளத்துக்குள் இதே போல் ஒருவர் நுழைந்து காவலரைத் தடுத்தார். அந்த நாட்டின் 1920ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே 'விசினிட்டி'தான். 1964இல் ஆட்லர் எதிர் ஜார்ஜ் வழக்கில் பார்க்கர் பிரபு அதை 'இடத்தினுள் அல்லது அதன் அருகில்' என்று படித்து, தண்டனையை உறுதி செய்தார். வேலிக்கு வெளியே தடுத்தால் குற்றம், உள்ளேயே புகுந்து தடுத்தால் குற்றமில்லை என்றால் அது அபத்தம் என்பதே அவர் சொன்ன காரணம்.

இதை எழுதும்போது 'நேர்ப்பொருள் அபத்தமாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அபத்தத்தைக் காட்ட வேண்டும். வெளியே நின்றவனுக்கு என்ன, உள்ளே நின்றவனுக்கு என்ன என்று இரண்டு வரியை எதிரெதிரே வையுங்கள். வைத்துப் பார்த்தால் நம் நாட்டில் ஒரு சிக்கல் தெரியும். உள்ளே நின்றவன் முழுசாகத் தப்புவதில்லை. பொது ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுத்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 221ஆம் பிரிவு அவனைப் பிடிக்கும். ஆனால் அதில் அதிகபட்சச் சிறை 3 மாதம், இரகசியச் சட்டத்தின் 7ஆம் பிரிவிலோ 3 ஆண்டு. ஆக, 'குற்றமே இல்லை' என்ற அபத்தம் இங்கே 'உள்ளே போனவனுக்குக் குறைவான தண்டனை' என்பதாகச் சுருங்குகிறது. இதுவும் அபத்தம்தானா, இல்லை வெறும் கோணல்தானா? ஆட்லர் வழக்கை அப்படியே ஒட்டவைக்காமல் இந்தக் கேள்வியை எழுப்புகிறவரின் விடைத்தாள் தனியாகத் தெரியும்.

பர்ப்போசிவ் முறை வேறு இடத்திலிருந்து கிளம்புகிறது. 1584ஆம் ஆண்டின் ஹெய்டன் வழக்கு முதல் கேட்கப்படும் கேள்வி இது: பழைய சட்டத்தில் எந்தக் குறை இருந்தது, அதற்கு இந்தச் சட்டம் என்ன மருந்து கொடுத்தது? நம் உச்ச நீதிமன்றமும் 1955இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் அதை எடுத்துக்கொண்டது. நோக்கத்தை மனதிலிருந்து எடுக்காதீர்கள், சட்டத்தின் சொற்களிலிருந்தே எடுங்கள். 7ஆம் பிரிவு காவல், ரோந்து என்று பணிகளைப் பெயர் சொல்லி, அவை அந்த இடம் சார்ந்த பணியாக இருக்க வேண்டும் என்கிறது. அதனால் அந்த இடத்தின் காவல் தடைபடக்கூடாது என்பதே நோக்கம். அந்த நோக்கம் வேலிக்கு உள்ளேயும் அதே அளவு பொருந்தும் என்பதால் நம் ஆள் மாட்டுகிறான்.

கோல்டனும் இதுவும் ஒரே முடிவைத்தானே தருகின்றன, பின்னே எதற்கு இரண்டு என்று கேட்பீர்கள். சம்பவத்தைக் கொஞ்சம் மாற்றினால் வித்தியாசம் தெரியும். ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் சூலூர் காவலருக்குப் போன் போட்டுப் பொய்த் தகவல் சொல்லித் திசைதிருப்புகிறான் என்று வையுங்கள். நேர்ப்பொருளில் அவன் அருகில் இல்லை. கோல்டன் ரூலுக்கும் வேலையில்லை, ஏனென்றால் பக்கத்தில் இருப்பவர்களை மட்டும் ஒரு சட்டம் குறிவைப்பதில் அபத்தம் எதுவுமில்லை. நோக்கத்தை மட்டும் பார்த்தால் காவல் கெட்டது கெட்டதுதான், அவனையும் பிடிக்கத் தோன்றும். ஆனால் அப்படிப் பிடித்தால் 'அருகில்' என்ற சொல்லையே அழித்துவிட்டதாக ஆகும். சொல்லுக்குள் இடமிருக்கும் வரைக்கும்தான் நோக்கத்தால் இழுக்க முடியும். உள்ளே நின்றவனுக்கு அந்த இடம் கஷ்டப்பட்டாவது கிடைக்கிறது, ஈரோட்டுக்காரனுக்குக் கிடைக்காது.

முடிவுப் பத்தியை இந்தத் தோரணையில் எழுதலாம்: "3ஆம் பிரிவில் 'நுழைவது' தனியாக இருப்பது எதிரிக்குச் சாதகம். ஆயினும் அப்பிரிவு நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் நோக்கத்தோடு செய்யும் செயல்களைப் பற்றியது. 7ஆம் பிரிவின் அக்கறை காவல் பணியின் மேல். இரண்டின் வேலையும் வேறு என்பதால் சொல் வேறுபாட்டுக்கு முழு எடை தர முடியாது. எனவே உள்ளே இருப்பதையும் சேர்த்துப் படிப்பதே சரி."

இது என் சாய்வு. தோலாராம் வழக்கைப் பிடித்துக்கொண்டு விடுதலை என்று முடித்தாலும் மார்க் குறையாது, 3ஆம் பிரிவு வாதத்தை நடுவில் வைத்திருந்தால் போதும். பேப்பரைக் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள்: மூன்று முறைகளின் பெயரையும் பென்சிலால் அடித்துவிட்டுப் படியுங்கள். எந்த வாதம் எந்த முறை என்று அப்போதும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாத இடத்தில்தான் அப்ளிகேஷன் இல்லை.