நாளை மருத்துவ விடுப்பு, நாளையே ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள்: கணக்குப் பிரிவினர் கேட்டவை

கேள்வி (திருப்பூர், பின்னலாடை நிறுவனக் கணக்கர்): அக்கா, மாலையிலிருந்து காய்ச்சல். நாளை 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய வேண்டும். மேலாளருக்கு எப்படி எழுதுவது?

பதில்: தம்பி, முதலில் மேலாளரை ஒரு முறை அழைத்து, வர முடியாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். பிறகு மின்னஞ்சல் எழுதுங்கள். எழுத உட்காரும் முன் ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நாளை ஒருவரும் தொடாமல் விட்டால் எது கெடும்? அவை மட்டும் கடிதத்தில் வரட்டும். வங்கிச் சரிபார்ப்பு, பழைய பாக்கிப் பட்டியல் எல்லாம் நாளை மறுநாள் வரை காத்திருக்கும்.

உங்கள் நிலைமையை வைத்து ஒன்று எழுதித் தருகிறேன்:

> பொருள்: 11ஆம் தேதி மருத்துவ விடுப்பு – ஜிஎஸ்டிஆர்-1, ஒரு இ-வே பில்
>
> ஐயா, எனக்குக் காய்ச்சல் இருக்கிறது. நாளை ஒரு நாள் மருத்துவ விடுப்பு அளிக்க வேண்டுகிறேன். நாளை முடிய வேண்டிய வேலைகள் இரண்டு:
>
> ஜிஎஸ்டிஆர்-1: மொத்தம் 214 விற்பனைப் பில்கள். 211 தளத்தில் ஏற்றிச் சேமித்தாயிற்று. 212, 213, 214 மட்டும் பாக்கி. அவற்றின் நகல் என் மேசையின் நீலக் கோப்பில் முதலில் இருக்கிறது. ஏற்றியதும் டேலி விற்பனைப் பதிவேட்டின் மொத்தமும் தளத்தின் சுருக்கத்தில் வரும் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தாக்கல் செய்யாமல் என்னை அழைக்கவும். உதவிக் கணக்கரிடம் பேசிவிட்டேன். மதியம் 12 மணிக்குள் முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். தாக்கலுக்கான ஓடிபி பெரியவரின் கைபேசிக்கு வரும். அவர் 3 மணிக்கு வெளியூர் கிளம்புகிறார். அதற்கு முன் தாக்கல் ஆக வேண்டும்.
>
> சென்னைச் சரக்கு: காலை 10 மணிக்கு வண்டி. இ-வே பில் இன்னும் எடுக்கவில்லை, வண்டி எண் வர வேண்டும். கிடங்குப் பொறுப்பாளர் எடுத்துக்கொள்வார்.
>
> மற்றவை நான் வந்து பார்க்கும் வரை தாங்கும். நாளை மாலை உடல்நிலையைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வேலையும் எதுவரை முடிந்தது, அடுத்து என்ன, காகிதம் எங்கே, யார் செய்வார், எத்தனை மணிக்குள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ‘ஜிஎஸ்டி வேலை பாக்கி இருக்கிறது, பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதினால், உதவிக் கணக்கர் 214 பில்களையும் முதலிலிருந்து சரிபார்ப்பார். ‘பேசிவிட்டேன்’ என்று எழுதும் முன் உண்மையில் பேசியிருக்க வேண்டும். கேட்காமல் ஒருவர் பெயரைப் போட்டால், அவர் அந்த மின்னஞ்சலை 11 மணிக்குத்தான் திறப்பார்.

கேள்வி (ஈரோடு, துணிக்கடைக் கணக்கர்): ஒரு நாள் தாமதமானால் என்ன? விட்டுப்போன பில்லை ஜிஎஸ்டிஆர்-1ஏ வழியாகச் சேர்க்கலாமே. இதற்காகக் காய்ச்சலோடு இவ்வளவு எழுத வேண்டுமா?

பதில்: சேர்க்கலாம் என்பது சரி. அதே மாதத்தின் வரி கட்டும் படிவமான 3பி தாக்கலாகும் முன் 1ஏ வழியாகச் சேர்க்க முடியும். ஆனால் பாதிக்கப்படுவது உங்களிடம் வாங்கியவர். அவருக்கு 14ஆம் தேதி உருவாகும் 2பி அறிக்கையில், 11ஆம் தேதிக்குள் நீங்கள் தாக்கல் செய்த பில்கள்தான் வரும். தாமதமானதும் 1ஏயில் சேர்த்ததும் அடுத்த மாத 2பியில்தான் தெரியும். அதுவரை அந்த வரியை அவர் உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது. கைப்பணத்தைக் கட்ட நேரும். பெரிய வாடிக்கையாளர் என்றால், வரி வரவு தெரியும்வரை உங்கள் பில் தொகையிலேயே அதைப் பிடித்துவைப்பார். அதனால்தான் அந்த மூன்று பில்களையும் எண் போட்டு எழுதச் சொன்னேன்.

கேள்வி (கோவை, பம்பு உதிரிபாக நிறுவனம்): எங்களுடையது பிரைவேட் லிமிடெட். ஓடிபி இல்லை, டிஜிட்டல் கையொப்பம்தான். கடவுச்சொல்லையும் அந்த மின்னஞ்சலிலேயே எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த மின்னஞ்சல் பத்துப் பேருக்குப் போகும், ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பொறுப்பேற்பவரை அழைத்து வாயால் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் மாற்றிவிடுங்கள்.

உங்களுக்குப் பெரிய இடர் வேறு. கையொப்ப டோக்கன் உங்கள் இழுப்பறையில் இருந்து, சாவி உங்கள் கைப்பையில் வீட்டில் இருந்தால், கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தும் தாக்கல் நடக்காது. கணினியில் அந்த டோக்கனுக்கான மென்பொருள் உங்கள் இயந்திரத்தில் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், ‘என் கணினியில்தான் செய்ய வேண்டும்’ என்று ஒரு வரி சேருங்கள். இ-வே பில்லிலும் இதே சிக்கல் உண்டு: நுழைவு ஓடிபி உங்கள் கைபேசிக்கு வருமென்றால், நீங்கள் மருந்து குடித்துத் தூங்கும்போது வண்டி வாசலில் நிற்கும். கிடங்குக்குத் தனியாகத் துணைப் பயனர் கணக்கை இப்போதே உருவாக்கி வையுங்கள். காய்ச்சல் வந்த இரவில் அதைச் செய்ய முடியாது.

கேள்வி (திருப்பூர், தையல் பிரிவு மேற்பார்வையாளர்): நாளை ஒரு நாள் விடுப்புக்கு ஈ.எஸ்.ஐ.யில் பணம் கிடைக்குமா அம்மா?

பதில்: நாங்கள் பேசிக்கொண்டிருப்பது வேலையை ஒப்படைப்பது பற்றி, ஆனாலும் சொல்கிறேன். ஒரு நாளுக்குக் கிடைக்காது. நோய்க்கால உதவித்தொகையில் முதல் 2 நாள் காத்திருப்பாகக் கழியும். அண்மையில் ஒரு முறை உதவித்தொகை பெற்று, 15 நாளுக்குள் மீண்டும் நோயுற்றால் மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லை. காய்ச்சல் நீளும் என்று தோன்றினால் நாளையே டிஸ்பென்சரிக்குச் சென்று சான்று வாங்குங்கள். பின்தேதியிட்டுத் தரச் சொல்லி நிற்க நேரக்கூடாது. கடை, அலுவலகப் பணியாளர் என்றால் கணக்கு வேறு: 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஆண்டுக்கு 12 நாள் வரை ஊதியத்துடன் நோய் விடுப்பு உண்டு.

கேள்வி (கரூர், ஏற்றுமதி நிறுவன மேலாளர்): என் பிரிவில் ஒருவர் வயிற்றுப்போக்கு எத்தனை முறை என்பது வரை எழுதுகிறார். இன்னொருவர் ‘உடல்நலம் இல்லை’ என்று இரண்டே சொல். எது சரி?

பதில்: இரண்டே சொல் போதும், ஐயா. உங்களுக்குத் தெரிய வேண்டியது எத்தனை நாள் ஆகும் என்பதுதான். தொற்றும் நோயென்றால் மட்டும் பெயரைச் சொல்லட்டும். அம்மை என்றால் பக்கத்து மேசைக்காரருக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி (அதே திருப்பூர்க் கணக்கர்): அக்கா, அனுப்பிவிட்டேன். நாளை கைபேசியை அணைத்து வைக்கலாமா?

பதில்: அணைக்க வேண்டாம் என்பேன். மதியம் 12 முதல் 1 வரை மட்டும் எடுப்பதாக ஒரு வரி அனுப்புங்கள். மொத்தம் பொருந்தாவிட்டால் கேட்க அந்த நேரம் போதும்.

குறுக்கே (கரூர் மேலாளர்): அது எனக்கு உடன்பாடில்லை, அம்மா. ஒரு மணி நேரம் எடுக்கிறேன் என்று சொன்னவரை நாள் முழுதும் அழைப்பார்கள். என் பிரிவில் விடுப்பென்றால் விடுப்புதான். சந்தேகம் வந்தால் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தைக் கேட்போம்.

பதில்: உங்களுக்கு ஆடிட்டர் அலுவலகம் உடனே எடுக்கிறது. 11ஆம் தேதி எங்கள் பக்கம் அவர்களுடைய தொலைபேசி கிடைப்பதே அரிது. தம்பி, உங்கள் ஆடிட்டர் எடுப்பார் என்றால் அந்த எண்ணைக் கடிதத்தில் சேர்த்துவிட்டுத் தூங்குங்கள்.